"ஒண்ணும் தேவையில்ல தம்பி"

செங்கல்பட்டில் குடியிருந்துகொண்டு, மதுராந்தகம், உத்திரமேரூர், வந்தவாசி என்று சுற்றி அரிசி ஆலை இயந்திரங்கள் விற்றவன் நான். அந்த வேலையில் நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம் இந்தத் தலைப்புதான். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, கம்பெனி பெயரைச் சொல்லி, விசிட்டிங் கார்டை நீட்டுவேன். மொதலாளி அதைப் பார்க்காமலே மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகுவார். "எல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஒண்ணும் தேவையில்ல தம்பி. மோர் குடிச்சிட்டுப் போ."

இதைச் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. நம்மை விரட்டவும் இல்லை, விரட்டுகிறவர் மோர் கொடுக்கமாட்டார். அவருக்கு உண்மையிலேயே குறை எதுவும் தோன்றவில்லை. முப்பது வருடமாக ஐப்பசி மழையில் மில் நிற்கிறது என்றால், அது அவருக்கு ஒரு பிரச்னை இல்லை, ஐப்பசி என்றால் அப்படித்தான். பழகிப்போன நஷ்டத்துக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. அதனால்தான் "உங்களுக்கு என்ன பிரச்னை ஐயா?" என்று நேராகக் கேட்டால் பதில் வராது. முன்பின் தெரியாத ஒருவன் நம் வாசலில் நின்று நம் குறையைச் சொல்லச் சொன்னால் யார்தான் சொல்வார்கள்?

இப்படிப்பட்ட முதல் சந்திப்பில் எதைக் கேட்பது, எதைக் கேட்கக்கூடாது என்பதை ஒரே ஒரு ஆலையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். உத்திரமேரூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரை ஓரமாக இருந்த புழுங்கல் அரிசி ஆலை அது. வருடம் 1994. நான் அப்போது விற்றுக்கொண்டிருந்தது நெல் காயவைக்கும் இயந்திரம், அதாவது டிரையர். மொதலாளிக்கு அறுபது வயதிருக்கும். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மோர் வந்தது. குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, இன்னிக்குக் காலையில ஊறப்போட்ட நெல்லு எப்போ அரிசியா மூட்டை கட்டுவீங்க?"

இது ஒரு சாதாரணக் கேள்வி. இதில் என் இயந்திரம் இல்லை, அவர் குறையும் இல்லை. ஆனால் ஒரு மில்லில் நடப்பது அத்தனையும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஊறல், அவியல், களம், உமி நீக்குதல், பாலிஷ், மூட்டை எல்லாம் வரிசையாக வந்தாக வேண்டும். தன் தொழிலைச் சொல்வதில் யாருக்கும் சங்கடம் இல்லை.

"வெயில் இருந்தா மூணாம் நாள் மூட்டை" என்றார்.

"இல்லாட்டி?"

"அதை வருண பகவானைத்தான் கேக்கணும்" என்று சிரித்தார். பிறகு, "வா, காட்டுறேன்" என்று எழுந்துவிட்டார். மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்கும் கேள்விக்கும், நெல் போகும் வழியிலேயே கூட நடந்து கேட்கும் கேள்விக்கும் நிறைய வித்தியாசம். நடக்கும்போது கண் பார்க்கிறது, வாய் தானாகக் கேட்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எத்தனை மூட்டை இருப்பு, என்ன விலைக்கு நெல் வாங்கினீர்கள், வருடத்துக்கு எவ்வளவு லாபம், இந்த மூன்றையும் முதல் நாள் கேட்கவே கூடாது. கேட்டால் சேல்ஸ் டாக்ஸ் ஆபீசிலிருந்து வந்தவன் என்ற நினைப்பு வந்துவிடும். அதன்பிறகு எல்லாக் கேள்விக்கும் "ஏதோ ஓடுது" என்பதுதான் பதில். நோட்டுப் புத்தகத்தை எடுப்பதற்குக்கூட நான் அனுமதி கேட்பேன். அளவு தெரிய வேண்டுமானால் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டால் போதும். "இந்தத் தொட்டி எத்தனை டன் பிடிக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை தொட்டி அவிப்பீங்க?" ஐந்து டன் தொட்டி, நாளுக்கு இரண்டு. ஆக நாளுக்குப் பத்து டன் நெல். இருப்பைக் கேட்காமலே ஆலையின் அளவு கிடைத்துவிட்டது.

களத்துக்கு வந்தோம். பதினான்கு பெண்கள் அவித்த நெல்லைப் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். அவித்து இறக்கும்போது நெல்லில் நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்து பங்கு ஈரம் இருக்கும். அதைப் பதினான்குக்குக் கொண்டுவந்தால்தான் அரைக்கலாம். அந்தப் பதினான்கை அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது என் அடுத்த கேள்வி.

"காஞ்சிடுச்சுன்னு யாரு சொல்லுவாங்க ஐயா?"

"மேஸ்திரிதான். கடிச்சுப் பாப்பாரு. இருபது வருசமா அவரு பல்லுதான் நம்ம மீட்டரு."

அந்தப் பல்லைக் குறை சொல்ல நான் போகவில்லை. அனுபவப்பட்ட பல் ஈர நெல்லையும் காய்ந்த நெல்லையும் நன்றாகவே பிரித்துவிடும். ஆனால் பதினான்கையும் பதினொன்றையும் பிரிக்காது. ஈரமாக அள்ளினால் திட்டு விழும் என்ற பயத்தில் எந்த மேஸ்திரியும் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகவே காயவிடுவார்.

அடுத்து, "காஞ்சதும் உடனே அரைப்பீங்களா?" என்றேன். ஆமாம், களத்திலிருந்து நேராக மில்லுக்குத்தான் என்றார்.

"குருணை எவ்வளவு விழுது?"

"வழக்கமா விழறதுதான்."

இந்த இடத்தில்தான் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நின்றுவிடுவார்கள். "வழக்கம்" என்பது பதில் இல்லை. பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். இரண்டு காலத்தை ஒப்பிடச் சொன்னால் விஷயம் வெளியே வரும். "சித்திரை வெயில்ல விழற குருணைக்கும் மார்கழியில விழறதுக்கும் வித்தியாசம் இருக்குதா ஐயா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். மில்லுக்குள் திரும்பி டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். மார்கழியில் நூறு கிலோ அரிசிக்கு மூன்று கிலோ குருணை, சித்திரையில் ஏழு கிலோ என்று பதில் வந்தது. மொதலாளியின் முகத்தில் ஒரு மாற்றம். மழைக்காலம் கெட்டது, வெயில்காலம் நல்லது என்றுதான் அவர் இத்தனை வருடம் நினைத்திருந்தார். நல்ல காலத்தில் அரிசி உடைகிறது என்பதை அவர் பார்த்திருக்கிறார், ஆனால் அதை யாரும் கேட்டதில்லை.

காரணம் இதுதான். கடும் வெயிலில் நெல்லின் வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். வெளியே சுருங்குகிறது, உள்ளே சுருங்கவில்லை. பதினாறு சதவீதத்துக்குக் கீழே போகும்போது இந்த இழுபறியில் அரிசிக்குள் மயிரிழை போல் விரிசல் விழுகிறது. ரப்பர் ரோலுக்குள் போனதும் அது இரண்டாக உடைகிறது. இதற்கு மருந்து, பதினாறு பதினெட்டு சதவீதம் வந்ததும் நெல்லைக் குவித்து நிழலில் சில மணி நேரம் ஆறவிடுவது. உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல வெளியே வந்து சமமாகும். பிறகு மீதியைக் காயவைக்கலாம். அவித்த கையோடு ஈர நெல்லைக் குவித்து வைப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அப்படிக் குவித்தால் புளித்த வாடை வந்து நிறமும் கெட்டுவிடும். இரண்டு கட்டமாகக் காயவைக்கும் இந்த முறையைத் தஞ்சாவூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பல காலமாகச் சொல்லிவந்தார்கள். அந்த நிலையம்தான் இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.

குறை இருப்பது தெரிந்துவிட்டது. அதன் அளவு அவருக்கு இன்னும் தெரியாது. அதை நான் சொன்னால் அது என் கணக்கு. அவர் போட்டால்தான் அவர் கணக்கு. "நாலு கிலோ கூடுதலா உடையுதுன்னா ஒரு நாளைக்கு எவ்வளவு ஐயா ஆவும்?" என்று மட்டும் கேட்டேன்.

பத்து டன் நெல்லுக்கு ஏறக்குறைய 6,800 கிலோ அரிசி. அரசாங்கத்துக்கு நெல் அரைத்துக் கொடுக்கும் ஆலைகளிடமும் புழுங்கலுக்கு இந்த 68 சதவீதம்தான் கேட்பார்கள், அதனால் அந்தக் கணக்கு எல்லா மொதலாளிக்கும் மனப்பாடம். அதில் நான்கு சதவீதம் 272 கிலோ. குருணை பாதி விலைக்குத்தான் போகும் என்று அவரே சொன்னார். ஆக, தினம் 136 கிலோ நல்ல அரிசியின் விலை காணாமல் போகிறது. "அடேயப்பா, ரெண்டு மூட்டைக்குக் கொஞ்சம்தான் கம்மி" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

மழையைப் பற்றியும் கேட்டேன். "மழையில கஷ்டமா?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்று முடிந்துவிடும். அதனால், "போன ஐப்பசி, கார்த்திகையில எத்தனை நாள் மில்லு நின்னுச்சு?" என்றேன். நம் பக்கம் சொர்ணவாரி நெல் ஆவணி, புரட்டாசியில் களத்துக்கு வரும், அதை அரைக்கும்போது மழை பிடித்துக்கொள்ளும். கணக்குப்பிள்ளை கூலி நோட்டைப் புரட்டிப் பத்தொன்பது நாள் என்றார்.

"அந்தப் பத்தொன்பது நாளும் காஞ்சிபுரம் கடைக்காரருக்கு என்ன சொன்னீங்க?"

அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. களத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்றதுக்கு என்ன இருக்கு? அவரு ஆரணி அரிசி எறக்கிட்டாரு. மழை நின்னப்புறமும் பாதி ஆர்டர்தான் தர்றாரு."

அன்று எனக்குக் கிடைத்த பதில்களில் இதுதான் கனமானது. பத்தொன்பது நாள் நின்றதன் நஷ்டம் பத்தொன்பது நாளோடு முடியவில்லை. மீதி வருடம் முழுக்க அது தொடர்கிறது. "நின்ற நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது. "வாங்குகிறவருக்கு என்ன சொன்னீர்கள்" என்று கேட்டதால் வந்தது.

பின்னாளில் ஒரு புத்தகம் கைக்கு வந்தது. நீல் ராக்கம் என்பவர் 1988-ல் எழுதிய 'ஸ்பின் செல்லிங்'. அவருடைய குழு 35,000 விற்பனைச் சந்திப்புகளைக் கூட இருந்து கவனித்திருக்கிறது. பெரிய சரக்கு விற்பதில் வென்றவர்கள் நான்கு வகைக் கேள்விகளை ஏறக்குறைய வரிசையாகக் கேட்டார்கள் என்கிறார். முதலில் நிலைமை என்ன, பிறகு எதில் சிக்கல், பிறகு அந்தச் சிக்கலால் வேறு என்னவெல்லாம் கெடுகிறது, கடைசியாக அது தீர்ந்தால் என்ன நன்மை. நிலைமைக் கேள்விகள் அதிகமானால் எதிரில் இருப்பவர் சலித்துவிடுவார். மூன்றாவது வகையைத்தான் திறமைசாலிகள் அதிகம் கேட்டார்களாம். "ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி கேட்காதே" என்று எங்களுக்கு ட்ரெயினிங்கில் சொல்வார்கள். அதனால் வெற்றியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. கடைக்காரர் கேள்வி மூன்றாவது வகை. ஆனால் அதையே வாசலில் நின்று முதல் கேள்வியாகக் கேட்டிருந்தால், இவன் நம்மைப் பயமுறுத்தி விற்கப் பார்க்கிறான் என்றுதான் அவர் நினைத்திருப்பார். தொட்டியும் களமும் பல்லும் முன்னால் வந்ததால்தான் அது பொறுத்தது.

இதற்குள் அவரே கேட்டுவிட்டார். "உன் மெஷினு என்ன விலை?"

"விலை சொல்றேன் ஐயா. ஆனா உங்களுக்கு அது ஒத்துவருமான்னு எனக்கே இன்னும் தெரியல. இன்னும் மூணு கேட்டுக்கிறேன்" என்றேன். இந்த மூன்றும் விற்பதற்கான கேள்விகள் இல்லை, விற்கலாமா என்று பார்ப்பதற்கான கேள்விகள்.

ஒன்று, உமி. டிரையருக்குச் சூடான காற்று வேண்டும், அதற்கு எரிபொருள் உமி. பத்து டன் நெல்லில் இரண்டு டன் உமி வரும். பாய்லருக்குப் போக மிச்சம் இருக்கிறதா? மிச்சத்தைச் செங்கல் சூளைக்கு விற்பதாகச் சொன்னார். அப்படியானால் எரிபொருள் உண்டு, ஆனால் அந்த வரவு குறையும். அதையும் கணக்கில் எழுதச் சொன்னேன்.

இரண்டு, மின்சாரம். வாங்கியிருக்கும் லோடில் இன்னும் சில மோட்டார் ஓட்ட இடம் இருக்கிறதா? இல்லை. கூடுதல் லோடுக்கு எழுதிப்போட வேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

மூன்று, "கடைசியா பெரிய மெஷின் எப்போ வாங்கினீங்க? அப்போ யார் யாரைக் கலந்துக்கிட்டீங்க?" முடிவு யார் கையில் என்று நேராகக் கேட்டால், "நான்தான், வேற யாரு?" என்பார்கள். பழைய கதையைக் கேட்டால் உண்மை வரும். பாலிஷர் வாங்கியபோது தம்பி வேண்டாம் என்றாராம், மருமகன் பேங்கில் பேசி முடித்தாராம், வீட்டம்மா நகையை வைத்து முன்பணம் கொடுத்தாராம். ஆக இந்த வீட்டில் முடிவெடுப்பவர்கள் நான்கு பேர். நான் பார்த்திருப்பது ஒருவரை.

களத்துப் பெண்களைப் பற்றியும் கேட்டேன், மழை நாளில் கூலி உண்டா என்று. அரைக்கூலி என்றார். நாலு நாள் தொடர்ந்து மழை பெய்தால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், மழை விட்டதும் பாதிப்பேர்தான் திரும்புவார்கள். டிரையர் வந்தால் இவர்களுக்கு என்ன ஆகும் என்று அவரே என்னைத் திருப்பிக் கேட்டார். மழை நாளில் களத்துக்கு ஆளே வேண்டியிருக்காது, இயந்திரத்தடியில் ஐந்தாறு பேர் போதும் என்று உள்ளபடி சொன்னேன். வெயில் நாளில் களத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

அன்று நான் டிரையருக்கு விலைப்பட்டியல் கொடுக்கவில்லை. ஈரமானி ஒன்று வாங்குங்கள், பாதி காய்ந்த நெல்லைக் குவித்து ஆறவிட்டுப் பாருங்கள், இரண்டு மாதம் குருணையை எடை போட்டு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மேனேஜருக்கு அதில் சந்தோஷம் இல்லை.

ஈரமானி வந்த முதல் வாரத்திலேயே மேஸ்திரியின் பல் "சரி" என்ற நெல் பதினொரு சதவீதத்தில் இருந்தது தெரிந்தது. பதினான்கில் 1,000 கிலோ இருக்கும் நெல், பதினொன்றுக்குக் காய்ந்தால் 966 கிலோதான். டன்னுக்கு முப்பத்துநான்கு கிலோ எடை வெயிலில் போய்க்கொண்டிருந்தது, அரிசி உடைவதும் அதனால் கூடியது. ஆறவிட ஆரம்பித்தபின் சித்திரைக் குருணை ஏழிலிருந்து நாலுக்கு வந்தது. அதற்கு இயந்திரமே தேவைப்படவில்லை.

மழைக்கு மட்டும் அது பதில் இல்லை. குவித்து ஆறவிட்டாலும் மழை நாளில் நெல் காயாது. மறு வருடம் ஆடி மாதம் அவரே ஆள் அனுப்பினார். நான் போனபோது தம்பி, மருமகன், வீட்டம்மா எல்லாரும் இருந்தார்கள். மேசையில் கூலி நோட்டு, குருணை எழுதிய நோட்டு, சூளைக்காரர் கணக்கு. நான் பேச வேண்டியது அதிகம் இல்லை. பத்து டன்னுக்கும் இயந்திரம் வேண்டாம், மழை நாளில் கடைக்காரரை இழக்காமல் இருக்கும் அளவுக்கு ஒன்று போதும் என்று அவர்களே முடிவு செய்து, நான்கு டன் டிரையர் ஒன்று எடுத்தார்கள். வெயில் நாளில் களம் தொடர்ந்தது. பெண்களில் ஆறு பேருக்கு மழை நாளிலும் முழுக்கூலி கிடைத்தது. மற்ற எட்டுப் பேருக்கு அந்த அரைக்கூலியும் நின்றது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

எல்லா ஆலையிலும் இப்படி ஏதாவது அகப்படும் என்று நினைக்க வேண்டாம். வந்தவாசி சாலையில் ஒரு மில்லில் இதே முதல் கேள்வியைக் கேட்டேன். "இன்னிக்கு வந்த நெல்லு இன்னிக்கே மூட்டை" என்றார். பச்சரிசி மட்டும் அரைப்பவர், வாங்குவதே காய்ந்த நெல். ஊறலும் இல்லை, அவியலும் இல்லை. அங்கே "தேவையில்லை" என்பதற்குத் தேவையில்லை என்றுதான் அர்த்தம். கேட்கக் கேட்க எதிரில் இருப்பவர் தன் நோட்டையோ தன் ஆளையோ கூப்பிட்டு எண்ணைத் தேடினால் அங்கே விஷயம் இருக்கிறது. நம்மைத் திருப்திப்படுத்தப் பதில் சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தால், மோருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

உங்கள் ஊர் மில்லில் இன்னும் களம் இருக்கிறதா, காய்ந்த நெல்லை யார் கடித்துப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.